ஏப்ரல் 1-ஆம் தேதி எல்லாக் கிளையும் ஒரே நாளில் வேண்டாம்: மருந்துக்கடை நிறுவனங்களின் இயக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் பல கிளைகள் வைத்து மருந்துக்கடை நடத்தும் நிறுவனங்களின் முதலாளிகளுக்கும் இயக்குநர்களுக்கும்,

வணக்கம்.

பில்லிங், ஸ்டாக், கணக்கு எல்லாவற்றையும் பழைய மென்பொருளிலிருந்து புதியதற்கு மாற்றிக் கொடுப்பது என் தொழில். அலுவலகத்தில் உட்கார்ந்து திட்டம் போடும் வேலை எனக்குக் குறைவு. இரவு பத்து மணிக்குக் கடைச் சட்டர் பாதி இறங்கியபின் உள்ளே போய் மாத்திரை அட்டை எண்ணும் வேலைதான் அதிகம். ஜனவரி பிறந்தால் எனக்கு வரும் அழைப்புகளில் பாதி ஒரே மாதிரி இருக்கும்: "ஏப்ரல் ஒண்ணாம் தேதி நாற்பது கிளையும் ஒரே நாள்ல லைவ் போயிடணும் சார். போர்டுல முடிவு பண்ணிட்டோம்." அந்த முடிவை எடுக்கும் அறையில் இருப்பவர்கள் நீங்கள் என்பதால் இந்த மடல் உங்களுக்கு.

ஏன் ஏப்ரல் 1 என்று கேட்டால் வரும் பதிலில் நியாயம் இல்லாமல் இல்லை. புது நிதியாண்டு, புது பில் எண். மார்ச் 31 அன்று எப்படியும் ஸ்டாக் எடுக்கிறோம், அதையே ஓப்பனிங் ஸ்டாக்காக ஏற்றிவிடலாம். இரண்டு மென்பொருளை ஒட்டவைக்கும் தலைவலியும் இல்லை. இதில் பில் எண் காரணத்தை மட்டும் முதலிலேயே கழித்துவிடலாம். ஜிஎஸ்டி விதி 46 கேட்பது, எண் வரிசையாக வர வேண்டும், பதினாறு எழுத்துக்குள் இருக்க வேண்டும், ஒரு நிதியாண்டுக்குள் அதே எண் திரும்ப வரக்கூடாது என்பதைத்தான். ஒன்றுக்கு மேற்பட்ட வரிசை வைத்துக்கொள்ள அதே விதி இடம் தருகிறது. ஆகஸ்ட் 12 அன்று ஒரு கிளையின் பழைய வரிசையை நிறுத்திவிட்டு வேறு முன்னெழுத்தோடு புது வரிசை தொடங்கினால் எந்தத் தப்பும் இல்லை. ஜிஎஸ்டிஆர்-1-இல் எந்த எண் முதல் எந்த எண் வரை என்று இரண்டு வரிசையையும் காட்டினால் போதும். ஆக, ஏப்ரல் 1 சட்டம் கேட்ட தேதி இல்லை.

மார்ச் 31 ஸ்டாக் என்ற காரணம்தான் கொஞ்சம் ஆழமானது. பெரும்பாலான மாற்றங்கள் இடறுவதும் அதில்தான். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

உங்களுக்கு 42 கிளைகள் என்று வைத்துக்கொள்வோம். மதுரையில் ஒரு குடோன், அதன் கீழ் 24 கடைகள். திருச்சியில் இன்னொரு குடோன், அதன் கீழ் 18. நடுத்தர அளவு மருந்துக்கடை ஒன்றில் பேட்ச் வாரியாகப் பிரித்தால் 4,000 வரிகள் வரும் என்று எடுத்துக்கொள்கிறேன். ஒருவர் எடுத்துப் படிக்க, இன்னொருவர் பதிய, ஒரு ஜோடி மணிக்கு 100 வரி முடித்தால் நல்ல வேகம். பேட்ச் எண்ணும் எக்ஸ்பயரியும் அட்டையின் ஓரத்தில் அழுத்தி அடித்திருக்கும். டியூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். நான்கு ஜோடி வேலை செய்தால் பத்து மணி நேரம். இரவு ஒன்பதுக்குக் கடை மூடி, காலை ஏழுக்கு எண்ணி முடிக்கலாம். ஒரு கடைக்கு எட்டுப் பேர். அப்படியென்றால் 42 கடைக்கு ஒரே இரவில் 336 பேர் வேண்டும், அதுவும் எண்ணத் தெரிந்த 336 பேர். அவர்கள் உங்களிடம் இல்லை. வெளியிலிருந்து கூலிக்கு அழைத்து வரலாம்தான். ஆனால் ஒரே மருந்தின் 250 மில்லிகிராமும் 500 மில்லிகிராமும் அவர்களுக்கு ஒரே பெட்டி.

எனவே நடப்பது என்னவென்றால், மார்ச் 31 இரவு முக்கியமான கடைகளில், முக்கியமான ஐட்டங்களை மட்டும் எண்ணுவார்கள். மற்றதற்குப் பழைய மென்பொருள் காட்டும் ஸ்டாக்கையே புதியதில் ஏற்றுவார்கள். பழைய மென்பொருளின் ஸ்டாக் சரியாக இருந்திருந்தால் நீங்கள் புதியது வாங்கியே இருக்க மாட்டீர்கள் என்பது வேறு விஷயம்.

ஏப்ரல் 1 காலை கவுன்ட்டரில் என்ன நடக்கும் என்று பாருங்கள். மாதாமாதம் சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வாங்குபவர்கள் சம்பளமும் பென்ஷனும் வந்த கையோடு முதல் பத்து நாளில்தான் வருவார்கள். கடைப் பையன் அலமாரியிலிருந்து அட்டையை எடுத்துவிட்டான், அது கையில் இருக்கிறது. திரையில் அந்த பேட்ச் இல்லை. வேறொரு பேட்ச் இருப்பதாகக் காட்டுகிறது. பெரியவர் நின்றுகொண்டிருக்கிறார், பின்னால் ஆறு பேர். அவன் திரையில் இருக்கும் பேட்சைத் தட்டிவிட்டுக் கையில் இருக்கும் அட்டையைக் கொடுத்துவிடுவான். அவன் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்வேன். அந்த ஒரு பில்லில் இரண்டு பேட்சின் ஸ்டாக்கும் தப்பாகிவிட்டது. மதியத்துக்குள் எந்த பேட்சும் இல்லாத மருந்துகள் வரத் தொடங்கும். தலைமை அலுவலகத்துக்கு 42 கடையிலிருந்தும் போன் போகும். மூன்று மணி வாக்கில் யாரோ ஒருவர், கணக்கில் இல்லாத சரக்கையும் பில் போட விடும் "நெகடிவ் ஸ்டாக்கை அனுமதி" என்ற அமைப்பை எல்லாக் கடைக்கும் திறந்துவிடுவார். அன்றைக்கு அது விற்பனையைக் காப்பாற்றும். ஆனால் அதை மறுபடி மூடிய நிறுவனத்தை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். எக்ஸ்பயரி அறிக்கையை நம்ப முடியாமல் போவது அன்றிலிருந்துதான்.

இதே குழப்பம் ஒரு கடையில் மட்டும் நடந்தால்? எட்டுப் பேரும் அங்கேயே இருக்கிறார்கள். தப்பான வரியை அன்றிரவே மறுபடி எண்ணிச் சரிசெய்யலாம். ரொம்ப மோசமானால் பழைய மென்பொருளுக்கே திரும்பிவிடலாம். நாளுக்கு 300 பில் போடும் கடையென்றால், இரண்டு நாளில் விற்றதைப் பழையதில் ஸ்டாக் கழிவாகப் பதிய இரண்டு பேருக்கு ஓர் இரவும் ஒரு பகலும் ஆகும். 42 கடையென்றால் அதே இரண்டு நாளுக்கு 25,200 பில். அதைப் பதிய யாரும் இல்லை. அதாவது, ஒரே நாளில் போகும்போது திரும்பி வரும் வழி காகிதத்தில் மட்டும்தான் இருக்கும். விற்க வருபவர் காட்டும் படத்தில் 'ரோல்பேக்' என்று ஒரு கட்டம் இருந்தால், "எத்தனை பில், யார் பதிவார்கள்?" என்று மட்டும் கேளுங்கள்.

இதை நீங்கள் வேறொரு இடத்தில் ஏற்கெனவே பார்த்திருக்கிறீர்கள். 2018 பிப்ரவரி 1 நினைவிருக்கும். இ-வே பில் நாடு முழுக்க ஒரே நாளில் கட்டாயம் என்றார்கள். ஜனவரி நடுவிலிருந்து சோதனை ஓட்டமும் நடந்தது. கட்டாயமான முதல் நாளே தளம் படுத்துவிட்டது, அன்றே தள்ளிவைத்தார்கள். அப்புறம் எப்படிக் கொண்டுவந்தார்கள்? ஏப்ரல் 1 முதல் மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு. மாநிலத்துக்குள் ஓடும் சரக்குக்கு முதலில் கர்நாடகம், ஏப்ரல் 15 முதல் ஆந்திரம், தெலங்கானா, கேரளம், குஜராத், உத்தரப் பிரதேசம். நம் முறை ஜூன் 2-இல் வந்தது. இ-இன்வாய்ஸ் எனும் மின்-விலைப்பட்டியலில் முதலிலிருந்தே எச்சரிக்கையாக இருந்தார்கள். 2020 அக்டோபரில் 500 கோடி விற்றுமுதல் உள்ளவர்களிடம் தொடங்கி, 100, 50, 20, 10 என்று இறங்கி, 2023 ஆகஸ்டில்தான் 5 கோடிக்கு வந்தார்கள்.

சோதனை ஓட்டத்தில் நடந்த தளம் நிஜத்தில் ஏன் விழுந்தது என்பதையும் கவனியுங்கள். விருப்பப்பட்டவர்கள் நேரம் கிடைக்கும்போது போட்டுப் பார்ப்பதும், லாரி வாசலில் நிற்கும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் போடுவதும் ஒன்றில்லை.

இயக்குநர் குழு என்ற முறையில் உங்களுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி. லாயிட்ஸ் குழுமத்திலிருந்து பிரிந்த அந்த வங்கியை 2015-இல் ஸ்பெயினின் சபாடெல் வங்கி வாங்கியது. லாயிட்ஸின் கணினி அமைப்பிலிருந்து சபாடெலின் அமைப்பை ஒட்டிக் கட்டிய புதியதற்கு மாற வேண்டும். 2017 நவம்பரில் மாறுவதாக இருந்து தள்ளிப்போய், 2018 ஏப்ரல் 22 ஞாயிறோடு முடிந்த வார இறுதியில், 52 லட்சம் வாடிக்கையாளர்களையும் பெரும்பாலும் ஒரே மூச்சில் மாற்றினார்கள். தரவு ஒழுங்காகத்தான் போய்ச் சேர்ந்தது. விழுந்தது அமைப்பு. இணையத்தில் நுழைய முடியவில்லை, கிளைக்குப் போனால் அங்கேயும் வேலை நடக்கவில்லை. சகஜ நிலை திரும்ப அந்த ஆண்டு டிசம்பர் ஆனது. வாடிக்கையாளருக்கு 3.27 கோடி பவுண்டு ஈடு கொடுத்தார்கள். 2022-இல் ஒழுங்குமுறை அமைப்புகள் 4.865 கோடி பவுண்டு அபராதம் போட்டன.

பிறகு ஒரு சட்ட நிறுவனம் விசாரித்து விரிவான அறிக்கை கொடுத்தது. இரண்டு டேட்டா சென்டர்கள் சேர்ந்து ஓட வேண்டிய அமைப்பில் சுமைச் சோதனையை ஒன்றில் மட்டும் நடத்தியிருந்தார்கள் என்பது அதில் வெளிவந்தது. ஆனால் அந்த அறிக்கையில் நான் இயக்குநர்களுக்குக் காட்ட விரும்பும் பகுதி வேறு. அமைப்பும் புதிது, மாற்றமும் ஒரே மூச்சில் என்று இரண்டு ஆபத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்வது ஏன் என்று இயக்குநர் குழு போதிய அளவு கேள்வி கேட்கவில்லை என்கிறது அது.

சரி, கிளை கிளையாகப் போனால் எல்லாம் சுகமா? அதுவும் இல்லை. அப்படிச் சொல்லி விற்பவரையும் நம்பாதீர்கள். மாதக்கணக்கில் இரண்டு மென்பொருள் ஓடும். இரண்டுக்கும் நடுவில் சரக்கு போய்க்கொண்டே இருக்கும். உங்கள் பணம் தொலையக்கூடிய இடம் அந்த நடுவெளிதான். அதைக் கட்டிக் காப்பது எப்படி என்பதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

மதுரை குடோன் பழையதில் ஓடுகிறது. அண்ணாநகர் கடை புதியதற்குப் போய்விட்டது. குடோனிலிருந்து சரக்கு கிளம்புகிறது. ஒரே ஜிஎஸ்டி எண்ணுக்குள் போவதால் டெலிவரி சலான்தான், வரி பில் இல்லை. பழையதில் ஸ்டாக் குறைய வேண்டும், புதியதில் ஏற வேண்டும். சாதாரணமாக என்ன செய்கிறார்கள்? குடோனில் "விற்பனை" என்று போடுகிறார்கள், கடையில் "கொள்முதல்" என்று போடுகிறார்கள். அன்றைக்கு வேலை முடிந்துவிடும். மாதக் கடைசியில் நிறுவனத்தின் விற்பனையும் கொள்முதலும் இல்லாத ஊதலோடு நிற்கும். அதை ஜிஎஸ்டி கணக்கிலிருந்து உரித்தெடுக்க ஆடிட்டர் அலுவலகத்தில் இரண்டு பேர் ஒரு வாரம் உட்காருவார்கள்.

சரியான முறை எளிது. பழைய மென்பொருளில் "புதியது" என்று ஒரு பொய்க் கிடங்கு திறக்க வேண்டும். புதியதில் "பழையது" என்று ஒன்று. மதுரை குடோன் சரக்கை அண்ணாநகருக்கு அனுப்பும்போது பழையதில் அந்தப் பொய்க் கிடங்குக்கு ஸ்டாக் டிரான்ஸ்ஃபர் போடும். அண்ணாநகர் அதை வாங்கும்போது தன் பக்கத்துப் பொய்க் கிடங்கிலிருந்து வந்ததாகப் போடும். இரண்டிலும் சலான் எண் ஒன்றே. தினமும் இரவு இரண்டு பொய்க் கிடங்கின் மதிப்பையும் ஒப்பிட வேண்டும். வித்தியாசம் வந்தால் அது வழியில் இருக்கும் சரக்காக இருக்க வேண்டும். வேறெதுவாக இருந்தாலும் தப்பு.

ஒரு நாளைக் கணக்கில் போட்டுக் காட்டுகிறேன். இதுவரை பழைய பக்கம் அனுப்பியது ரூ.18,40,000. புதிய பக்கம் வாங்கியது ரூ.17,95,000. வித்தியாசம் ரூ.45,000. கடையில் இன்னும் வாங்காத சலான்கள் இரண்டு: ரூ.27,000, ரூ.13,050. கூட்டினால் ரூ.40,050. இன்னும் ரூ.4,950-க்கு விளக்கம் இல்லை. கணக்குப் பிள்ளைகளுக்குத் தெரிந்த பழைய சூத்திரம் ஒன்று உண்டு: வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால், இலக்கம் இடம் மாறியிருக்கிறதா, புள்ளி நகர்ந்திருக்கிறதா என்று முதலில் பார். 4,950 ஒன்பதால் வகுபடுகிறது. வாங்கிய சலான்களைப் புரட்டினால் அகப்படும். குடோன் 50 அட்டை அனுப்பியிருக்கிறது, அட்டை ரூ.110 வீதம் ரூ.5,500. பழைய மென்பொருளின் அலகு அட்டை. புதியதில் அலகு மாத்திரை. கடைக்காரர் சலானைப் பார்த்து 50 என்று போட்டுவிட்டார். அவர் கணக்கில் வந்தது 50 மாத்திரை, ரூ.550. அலமாரியில் 500 மாத்திரை இருக்கிறது, திரையில் 50 இருக்கிறது.

இந்தத் தப்பு அன்றிரவே பிடிபட்டால் ஐந்து நிமிட வேலை. அப்புறம் அந்த ஐட்டத்தின் அலகு மாற்றத்தை எல்லாக் கடைக்கும் பொதுவான மருந்துப் பட்டியலான ஐட்டம் மாஸ்டரில் திருத்திவிட்டால் மீதி 41 கடைக்கும் அது வராது. ஒரே நாளில் 42 கடையும் போயிருந்தால்? பொய்க் கிடங்கே இருக்காது என்பதால் ஒப்பிட ஒன்றும் இருக்காது. ஓப்பனிங் ஸ்டாக்கில் பத்தில் ஒரு பங்காகவோ பத்து மடங்காகவோ ஏறிப்போய், வருடக் கடைசி எண்ணிக்கையில்தான் தெரியும். இரண்டு மென்பொருளும் சேர்ந்து ஓடுவதை எல்லோரும் தொல்லை என்கிறார்கள். எனக்கு அது தினமும் இலவசமாகக் கிடைக்கும் தணிக்கையாகத் தெரிகிறது.

ஆனால் நடுவெளியைக் கடக்கும் சரக்கு அளவோடு இருந்தால்தான் இந்த இரவு ஒப்பீடு நடக்கும். அதனால் எந்தக் கடை முதலில், எது அப்புறம் என்பதில் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். "பெரிய கடைகள் முதலில்" என்பார்கள், அல்லது "மாவட்டத்துக்கு ஒன்று". இரண்டுமே இரண்டு குடோன்களையும் முதல் நாளிலிருந்தே இரண்டு பக்கமும் இழுக்கும். நான் கேட்பது கடந்த மூன்று மாத ஸ்டாக் டிரான்ஸ்ஃபர் பட்டியல் ஒன்றைத்தான்: எங்கிருந்து எங்கே, எத்தனை சலான். அதைப் பார்த்தால் உங்கள் நிறுவனத்தின் உண்மையான வரைபடம் தெரியும். மருந்துக்கடையில் குடோன் சரக்கு மட்டும் ஓடுவதில்லை. எக்ஸ்பயரி நெருங்கும் மருந்தை ஓட்டமுள்ள பக்கத்துக் கடைக்குத் தள்ளுவார்கள். இல்லாத மருந்தை டூவீலரில் ஆள் அனுப்பி வாங்கி வருவார்கள். அப்படி ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் கடைகள் ஒரே வாரத்தில் மாற வேண்டும். மதுரைக்கும் திருச்சிக்கும் நடுவில் மாதம் பத்து சலான்தான் என்றால், வெட்ட வேண்டிய இடம் அதுதான். மதுரைப் பக்கம் 24-ஐயும் முடித்துவிட்டுத்தான் திருச்சியைத் தொட வேண்டும்.

குடோன் எப்போது மாறுவது என்று ஒரு சண்டை எப்போதும் வரும். முதலில் என்று மென்பொருள்காரர் சொல்வார், கடைசியில் என்று குடோன் மேனேஜர் சொல்வார். 24 கடைகளில் 12 மாறியபின் குடோன் மாறட்டும் என்பது என் கட்சி. காரணம் எளிது. குடோன் எந்தப் பக்கம் இருக்கிறதோ, அதற்கு எதிர்ப்பக்கம் இருக்கும் கடைகளின் சரக்குதான் நடுவெளியைக் கடக்கிறது. பாதியில் குடோன் தாவினால், எந்த நாளிலும் பாதிக் கடைகளுக்கு மேல் கடக்காது. முதலிலேயே மாற்றினால் அன்றே 24 கடைக்கான சரக்கும் கடக்கும்.

முதல் கடையாக எதை எடுப்பது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. தலைமை அலுவலகத்தின் கீழே இருக்கும் பெரிய ஷோரூம் வேண்டாம். அங்கே பிரச்சினை வந்தால் மேலிருந்து யாராவது இறங்கி வந்து தீர்த்துவிடுவார்கள், எனவே பிரச்சினை தெரியாது. ஊர்க் கோடியில் நாளுக்கு 60 பில் போடும் கடையும் வேண்டாம். பிரச்சினை வருவதற்கே அங்கே ஆளில்லை. நடுத்தரக் கடை, கொஞ்சம் கறாராகப் பேசும் மேனேஜர், நாளுக்கு 300 பில், அக்கம்பக்கக் கடைகளோடு கொடுக்கல் வாங்கல் உள்ளது, அதுதான் வேண்டும். அந்தக் கடை ஒரு மாத முதல் பத்து நாளையும் ஒரு மாத முடிவையும் புதியதில் கடக்க வேண்டும். அதற்குமுன் இரண்டாவது கடையைத் தொடக்கூடாது.

கிளை கிளையாகப் பிரிக்க முடியாத விஷயங்களும் உண்டு. அவற்றை இப்போதே மேசையில் வையுங்கள். ஐட்டம் மாஸ்டர் ஒன்று. புது மருந்தை இரண்டு இடத்தில் இரண்டு பேர் திறந்தால் மூன்றே வாரத்தில் பெயரும் அலகும் பிரிந்துவிடும். புதியதில் ஒருவர் மட்டும் திறக்கட்டும். இரவில் பழையதற்குத் தானாகப் போகட்டும். வரி மாற்றமும் அப்படித்தான். 2025 செப்டம்பர் 22-இல் பெரும்பாலான மருந்துகளின் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. அப்போது நடுவழியில் இருந்தவர்கள் அதே இரவில் இரண்டு மென்பொருளிலும் மாற்ற வேண்டியிருந்தது. இன்னொன்று வாடிக்கையாளர் பாயின்ட். காலையில் பழைய கடையில் 500 பாயின்ட்டைக் கழித்துவிட்டு மாலையில் புதிய கடையில் அதே 500-ஐ மறுபடி கழிக்க வழி இருந்தால், அதை வாடிக்கையாளருக்கு முன்பே உங்கள் ஊழியர் கண்டுபிடிப்பார். பாயின்ட் கணக்கு ஒரே சர்வரில் இருக்க வேண்டும். அது முடியாதென்றால், மாற்றம் முடியும்வரை பாயின்ட் சேரலாம், கழிக்கும் வசதி ஒரு பக்கத்துக் கடைகளில் மட்டும் என்று போர்டு வையுங்கள். வங்கிகளுக்குக் கிளை கிளையாகப் போவது கடினமாக இருப்பதும் இதனால்தான். அங்கே வாடிக்கையாளர் எந்தக் கிளைக்கும் சொந்தமில்லை. மருந்துக்கடையில் அப்படிப் பொதுவாக இருப்பது பாயின்ட்டும் கடன் கணக்கும் மட்டும்தான், மற்றதெல்லாம் அந்தந்த அலமாரியில் இருக்கிறது.

பழைய பில்லோடு மருந்தைத் திருப்பிக் கொடுக்க வருபவர்களுக்காகப் பழைய மென்பொருளைப் பார்க்க மட்டும் ஒவ்வொரு கடையிலும் விட்டுவைக்க வேண்டும். இது சின்ன விஷயம், ஆனால் மறந்துவிடுவார்கள்.

எத்தனை நாள் ஆகும்? எண்ணும் குழு இரண்டு இருந்தால், ஒரு குழு வாரத்துக்கு இரண்டு கடை. நான்கு கடை வீதம் மீதி 41-க்குப் பதினொரு வாரம். முதல் கடைக்கு ஐந்து வாரம், குடோன்களுக்கு ஆளுக்கொரு வாரம், நடுவில் நிறுத்திப் பார்க்கச் சில வாரங்கள். ஐந்து மாதம் என்று வையுங்கள். பத்து மாதம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இழுத்தால் குழு கரையும், பழைய மென்பொருளில் புது அறிக்கை கேட்கத் தொடங்குவார்கள், கடைசிப் பத்துக் கடை "நாங்க அப்புறம் பாத்துக்கறோம்" என்று நின்றுவிடும். பாதியில் நின்ற மாற்றம் ஒரே நாளில் போனதைவிட மோசம். இதில் கிளை கிளையாகப் போகச் சொல்லும் என்னைப் போன்றவர்கள் மீது நிறையப் புகார் உண்டு, நியாயமான புகார்தான்.

ஒரே நாளில் போவதுதான் சரி என்ற சூழலும் இருக்கிறது. ஆறு கடை, ஒரு குடோன், எண்ண ஐம்பது பேர் திரட்ட முடியும் என்றால் ஒரே இரவில் போய்விடுங்கள். அவ்வளவு சின்ன இடத்துக்கு இரண்டு மென்பொருளும் பொய்க் கிடங்கும் வெட்டி வேலை. பழைய மென்பொருள்காரர் கடையைக் கட்டிவிட்டார், உரிமம் முடிகிறது என்றாலும் வேறு வழியில்லை. அப்போதுகூட மார்ச் 31-ஐ விடுங்கள். உங்கள் கணக்குப் பிரிவு முழுக்க அந்த வாரம் ஆடிட்டருக்கும் வங்கிக்கும் ஓடிக்கொண்டிருக்கும். ஜூலையிலோ நவம்பரிலோ மாதத்தின் பதினைந்தாம் தேதிக்குமேல் ஒரு சனிக்கிழமை இரவு பாருங்கள்.

அடுத்த கூட்டத்தில் தேதியை முடிவுசெய்யும் முன் இவற்றை எழுத்தில் கேளுங்கள் என்பதே என் வேண்டுகோள். மூன்று மாத ஸ்டாக் டிரான்ஸ்ஃபர் பட்டியல், கடை வாரியாக. ஓர் இரவில் எண்ணக் கையில் இருக்கும் ஆட்கள் எத்தனை என்ற உண்மையான எண்ணிக்கை, பெயரோடு. அப்புறம், எந்த நிலை வந்தால் அடுத்த கடைக்குப் போகாமல் நிறுத்துவோம் என்பது. மூன்றாவதை எழுத எல்லோரும் தயங்குவார்கள். நான் வைத்திருக்கும் அளவைச் சொல்கிறேன், உங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்: மாறிய கடையில் இரண்டாவது வாரக் கடைசியில் ஏதாவது 200 வரியை எடுத்து எண்ணினால் 196 பொருந்த வேண்டும். இரவு பார்க்கும்போது நெகடிவ் ஸ்டாக் வரிகள் இருபதுக்கு மேல் இருக்கக்கூடாது. பொய்க் கிடங்கின் வித்தியாசத்தில் இரண்டு நாளைக்கு மேல் விளக்கம் இல்லாத ரூபாய் ஒன்றுகூட இருக்கக்கூடாது. இதில் ஒன்று தவறினாலும் அடுத்த வாரக் கடைகள் நிற்கும். நிறுத்தும் அதிகாரம் ஸ்டாக் பார்க்கும் ஆளிடம் இருக்க வேண்டும். மென்பொருள் விற்றவரிடமோ, தேதியை அறிவித்த இயக்குநரிடமோ இருக்கக்கூடாது.

மதுரையில் முதல் கடை என்றால், சித்திரைத் திருவிழா வாரத்தை மட்டும் விட்டுவிடுங்கள். தல்லாகுளம் பக்கம் சரக்கு வண்டியே நுழையாது.

இப்படிக்கு,
கிளை கிளையாகச் சரக்கு எண்ணும் ஒருவன்